ரெஸ்யூமே சொல்வதும் படிவம் சொல்வதும்

ரெஸ்யூமேயை அப்லோட் செய்த பிறகும், அதில் இருப்பதையே கட்டம் கட்டமாக மறுபடி டைப் செய்யச் சொல்கின்றன பல நிறுவனங்களின் விண்ணப்பப் படிவங்கள். அலுப்பில் அவசரமாக நிரப்பிவிடுகிறோம். வேலை கிடைக்கும் நேரத்தில் பின்னணிச் சரிபார்ப்பு வரும்போதுதான் சிக்கல் தெரியும். படிவம், ரெஸ்யூமே, ரிலீவிங் லெட்டர், பி.எஃப். பதிவு எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள்.

ஓர் உதாரணம். ஒரு பெண் 2019 ஜூன் 10 அன்று ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறார். ஆனால் சம்பளம் தந்தது ஒரு கான்ட்ராக்ட் நிறுவனம். 2020 ஏப்ரல் 1 முதல் கம்பெனியே அவரை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. 2022 நவம்பர் 18 அன்று விலகுகிறார். ரெஸ்யூமேயில் கம்பெனி பெயரைப் போட்டு ‘2019–2022’ என்று ஒரே வரி. படிவத்திலும் அப்படியே ஒரே பதிவு. சரிபார்ப்பவர் கேட்டால், ‘எங்களிடம் சேர்ந்தது 2020 ஏப்ரலில்’ என்றுதான் அந்த கம்பெனியின் எச்.ஆர். சொல்வார். ஏறத்தாழ பத்து மாதம் இடிக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டில் அது முரண்பாடாகவே பதிவாகும்.

இதைப் படிவத்தில் இரண்டு பதிவாகப் போட வேண்டும். முதலாவதில் நிறுவனம் என்ற இடத்தில் கான்ட்ராக்ட் நிறுவனத்தின் பெயர். உட்கார்ந்து வேலை பார்த்த இடத்தை விவரப் பகுதியில் சொல்லலாம். ரெஸ்யூமேயையும் அதேபோலப் பிரித்து எழுதிவிட வேண்டும். பதவிக்கும் இதே கணக்குதான். டீம் லீடர் வேலையைச் செய்திருந்தாலும் லெட்டரில் ‘சீனியர் எக்ஸிகியூட்டிவ்’ என்றிருந்தால் பதவிக் கட்டத்தில் அதுவே வரட்டும். டீமை நடத்திய அனுபவத்தைப் பொறுப்புகளில் விரிவாக எழுதலாம்.

தேதிகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்தில் Service History பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த, விலகிய தேதிகள் இருக்கும். விலகிய தேதி விடுபட்டிருந்தால் ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்த்ததுபோலத் தோன்றும். கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழிந்ததும், அதே தளத்தில் Mark Exit வழியாக நாமே பதியலாம்.

ரெஸ்யூமேயிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை அப்படியே நம்ப முடியாது. இரண்டு பத்தியாக அமைத்த ரெஸ்யூமே என்றால் புராஜெக்ட் பெயர்கூட கம்பெனி பெயராகப் போய் உட்காரும். பழைய வேலையில் I currently work here டிக் ஆகியிருக்கும். தேதியில் இன்னும் கவனம் தேவை. MM/DD/YYYY என்று கேட்கும் அமெரிக்க நிறுவனப் படிவத்தில் 18/11/2022 என்று அடித்தால் பிழை என்று காட்டிவிடும், ஏனென்றால் 18ஆவது மாதம் கிடையாது. 10/06/2019 என்று அடித்தாலோ ஜூன் 10 அக்டோபர் 6 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

அனுப்பிய பிறகு தவறைக் கண்டால், பல தளங்களில் திருத்த வழியிருக்காது. சரிபார்ப்பு தொடங்குமுன், சரியான தேதியையும் லெட்டரின் நகலையும் சேர்த்து எச்.ஆருக்கு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.