வெட்டி ஒட்டிய படமும் அதன் மூலப்படமும்

2016 ஏப்ரலில் மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, திரிணமூல் காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினர் டெரிக் ஓ பிரையன் செய்தியாளர்களிடம் ஒரு படத்தைக் காட்டினார். அதில் பாஜகவின் ராஜ்நாத் சிங், மார்க்சிஸ்ட் கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத்துக்கு இனிப்பு ஊட்டிக்கொண்டிருந்தார். வெளியே எதிரிகளாக இருக்கும் இரண்டு கட்சிகளும் உள்ளுக்குள் உறவு வைத்திருக்கின்றன என்பதற்கு அதுவே அத்தாட்சி என்றார். படம் போலி என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. அசல் படத்தில் ராஜ்நாத் சிங் இனிப்பு ஊட்டியது நரேந்திர மோடிக்கு. மோடியின் முகம் இருந்த இடத்தில் காரத்தின் முகத்தை வைத்திருந்தார்கள். ஆய்வுக் குழு செய்த பிழை என்று சொல்லி ஓ பிரையன் வருத்தம் தெரிவித்தார்.

வினாடி வினா நடத்திப் பேர் வாங்கிய ஒருவரின் குழுவே ஏமாந்தது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் படத்தில் பொய்யானது ஒரு முகம் மட்டும்தான். நீட்டிய கை, இனிப்பு, உடை, பின்னணி, வெளிச்சம் எல்லாமே உண்மையில் ஒரு கேமராவுக்கு முன்னால் இருந்தவை. தேர்தல் நேரத்தில் மார்பிங் செய்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். முழுப் படத்தையும் புதிதாக உருவாக்குவதைவிட, ஏற்கெனவே நம்பும்படியாக இருக்கும் ஒரு செய்திப் படத்தை எடுத்து ஒரே ஒரு இடத்தில் கைவைப்பது சுலபம்.

அதனால்தான் கழுத்தில் வெட்டு தெரிகிறதா, நிழல் சரியாக விழுகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப் வழக்கமாகப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. அந்தச் சுருக்கத்தில் ஒட்டுப் போட்ட விளிம்புகள் மங்கிவிடும். நல்ல படத்திலும் முகத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகக் கறை தெரியும். ஆக, உண்மைப் படத்தைப் போலி என்றும் போலியை உண்மை என்றும் சொல்லிவிட வாய்ப்பு அதிகம். எப்போது, எந்தக் கேமராவில் எடுத்தது என்று கோப்புக்குள் பதிவாகியிருக்கும் விவரங்களும் வாட்ஸ்அப் வழியாக வரும்போது பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

ஆனால் அந்தப் போலிக்குள் ஓர் உண்மைப் படம் இருக்கிறதே, அதுதான் நமக்குப் பிடி. தலைவர்கள் இருக்கும் படம் என்றால் அது ஏதோ ஒரு செய்தித்தாளிலோ கட்சியின் பக்கத்திலோ ஏற்கெனவே வந்திருக்கும். அந்த மூலப்படத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வாதத்துக்கே வேலையில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சிறுபிள்ளைக்கும் புரியும்.

போனில் இதைச் செய்ய இரண்டு மூன்று நிமிடம் போதும். வந்த படத்தை கேலரியில் சேமித்துக்கொள்ளுங்கள். கூகுள் செயலியின் தேடல் பெட்டியில் இருக்கும் கேமரா அடையாளத்தைத் தொட்டு, அந்தப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் மேல் ஒரு சட்டம் தோன்றும். பலர் அந்தச் சட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அல்லது நமக்குத் தெரிந்த முகத்தின் மேல் இழுத்து வைக்கிறார்கள். முகத்தில் வைத்தால், அந்தத் தலைவரின் வேறு வேறு படங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். அவற்றால் பயனில்லை. சந்தேகப்படும் முகத்தை ஒதுக்கிவிட்டு, யாருமே சந்தேகப்படாத பகுதியின் மேல் சட்டத்தை வையுங்கள். ராஜ்நாத் சிங் படமாக இருந்தால் நீட்டிய கையும் அவருக்குப் பின்னால் இருப்பவையும் அடங்கும்படி வைக்கவேண்டும். ஒட்டுப் போட்டவர் அந்தப் பகுதியைத் தொட்டிருக்க மாட்டார். அது மூலப்படத்தில் இருந்தபடியே இருக்கும், தேடலிலும் சிக்கும். முடிவுகளில் Exact matches என்ற பிரிவு தெரிந்தால் அதைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது tineye.com என்ற தளம். அங்கே படத்தை ஏற்றியதும், கிடைத்த முடிவுகளை Oldest என்ற வரிசையில் அடுக்கச் சொல்லலாம். அந்தத் தளத்தின் கண்ணில் முதன்முதலில் பட்டது எது என்று தெரிந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்த ஒரு படத்தில் மோடி இருக்கிறார், தேர்தலுக்கு முந்தைய வாரம் முளைத்த படத்தில் அதே இடத்தில் காரத் இருக்கிறார் என்றால், எது அசல் என்று சொல்லவேண்டியதில்லை. தேதியைத் தவிர இன்னொரு தடயமும் உண்டு. மூலப்படம் பெரும்பாலும் அகலமாக இருக்கும். ஓரத்தில் நிற்கும் இன்னொருவரின் தோள், மேலே தொங்கும் பேனர் எல்லாம் அதில் இருக்கும். போலியில் அவை வெட்டப்பட்டிருக்கும். அகலப் படத்திலிருந்து குறுகிய படத்தை வெட்டலாம், குறுகிய படத்திலிருந்து அகலப் படம் வராது. இப்போது ஏஐ கருவிகள் ஓரங்களையும் கற்பனையாக நீட்டித் தருகின்றன என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

மூலப்படம் கிடைத்ததும் அது வந்த பக்கத்தைத் திறந்து, படத்துக்குக் கீழே உள்ள குறிப்பைப் படிப்பது முக்கியம். செய்தி நிறுவனங்களின் படங்களில் இடம், நாள், இருப்பவர்களின் பெயர் மூன்றும் இருக்கும். அங்கேதான் இன்னொரு வகை ஏமாற்று அகப்படும். படத்தில் எதையும் மாற்றாமல், பழைய கூட்டத்தைப் புதிய கூட்டம் என்று சொல்வது அந்த வகை.

சில நேரம் ஒரு போலிக்குள் இரண்டு மூலப்படங்கள் இருக்கும். இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் அமெரிக்காவில் கிடைக்கிறது. 2004 பிப்ரவரியில், அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகும் போட்டியில் ஜான் கெர்ரி முன்னணியில் இருந்தார். அவர் வியட்நாமில் போரிட்டுத் திரும்பி, பிறகு அந்தப் போரை எதிர்த்தவர். நடிகை ஜேன் ஃபோண்டாவும் போரை எதிர்த்தவர்தான். ஆனால் 1972-இல் வட வியட்நாமுக்கே போய்வந்ததால் முன்னாள் படைவீரர்கள் பலருக்கு அவர்மேல் தீராத கோபம். இருவரும் ஒரே மேடையில் நிற்பதுபோல ஒரு படம் அப்போது இணையத்தில் பரவியது. வெறும் படமாக வரவில்லை. பழைய செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுபோல, தலைப்போடும் அசோசியேட்டட் பிரஸ் என்ற பெயரோடும் வந்தது.

கெர்ரியின் படத்தை எடுத்தவர் கென் லைட். 1971 ஜூனில், நியூயார்க் மாநிலத்தின் மினியோலாவில் நடந்த அமைதிப் பேரணியில் எடுத்தது. ஃபோண்டாவின் படத்தை எடுத்தவர் ஓவன் ஃபிராங்கன். அது 1972-இல் ஃபுளோரிடாவின் மயாமி பீச்சில் எடுத்தது. வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு ஊர். லைட்டிடம் பழைய ஃபிலிம் நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. அதில் கெர்ரியின் பக்கத்தில் ஃபோண்டா இல்லை. இப்படி இருவர் சேர்ந்திருக்கும் படம் வந்தால், சட்டத்தை ஒருவர் மேல் மட்டும் வைத்து ஒரு தேடல், அடுத்தவர் மேல் மட்டும் வைத்து இன்னொரு தேடல் செய்யவேண்டும். இங்கே ஆளும் அவரைச் சுற்றியுள்ள பின்னணியும் சட்டத்துக்குள் இருக்கட்டும். இருவரையும் சேர்த்துத் தேடினால், போலி பரவிய பக்கங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது வேறொன்று. அதே நாட்களில் கெர்ரியும் ஃபோண்டாவும் இருக்கும் உண்மையான படம் ஒன்றும் சுற்றிக்கொண்டிருந்தது. 1970-இல் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் கூட்டத்தில் எடுத்தது. அதில் ஃபோண்டாவுக்குச் சில வரிசைகள் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாகக் கெர்ரி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இருவரும் ஒரே மேடையில் நிற்கும் படம் அதிசயமாகத் தெரிந்திருக்காது. பாதி உண்மையை அறிந்தவர்தான் போலியை முதலில் நம்புவார். “எனக்குத் தெரியும், இவர்கள் அப்படித்தான்” என்று மனம் சொல்லும் படத்தைத்தான் முதலில் தேடிப் பார்க்கவேண்டும்.

செய்தித்தாள் துண்டுபோல அலங்கரித்தார்களே, அந்த வேலையை நம் ஊரில் நியூஸ் கார்டு செய்கிறது. தொலைக்காட்சியின் லோகோ, அந்தச் சேனலின் வழக்கமான வண்ணம், தலைவரின் உண்மையான படம் ஆகியவற்றோடு, அவர் சொல்லாத ஒரு வாக்கியம் இருக்கும். இதற்குப் படத் தேடல் தேவைப்படாது. கார்டில் உள்ள தேதியைப் பார்த்து, அந்தச் சேனலின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அன்று வந்த கார்டுகளைப் புரட்டினால் போதும். அதே படத்தோடு வேறு வாக்கியம் உள்ள கார்டு அங்கே கிடைப்பதுண்டு. கார்டே இல்லையென்றால், அந்தப் பேச்சை மற்ற சேனல்கள் போட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய தலைவர் பரபரப்பாக ஏதாவது சொன்னால் அதை ஒரே சேனல் மட்டும் போட்டுவிட்டு மற்றவை சும்மா இருக்காது.

தேடியும் ஒன்றும் கிடைக்காத நேரமும் உண்டு. திருமண வீட்டில் யாரோ போனில் எடுத்த படம் இணையத்தில் இருக்காது. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றியிருந்தாலும் தேடல் தடுமாறும். இதை நம் அரசியல்வாதிகளின் வெள்ளைச் சட்டையே காட்டிக்கொடுக்கும். சட்டைப் பை இடது மார்பில்தான் இருக்கும், உள்ளே வைத்த தலைவர் படம் வெளியே தெரியும் அதே பை. அது வலப்பக்கம் இருந்தால், போனின் எடிட் பகுதியில் படத்தைத் திருப்பிவிட்டு மறுபடி தேடுங்கள். பின்னால் இருக்கும் பேனரின் எழுத்தும் இடவலம் மாறித் தெரியலாம். விவரமறிந்தவர்கள் அதை மட்டும் வெட்டியிருப்பார்கள்.

அப்போதும் கிடைக்கவில்லையென்றால், அதே நிகழ்ச்சியின் வேறு படங்களைத் தேடுவது நல்ல வழி. தேர்தல் மேடைக்கு முன்னால் ஒரு கேமரா மட்டும் இருப்பதில்லை. பத்திரிகைக்காரர்கள், கட்சியின் ஐடி பிரிவு, தொண்டர்களின் போன் என்று பல கோணத்தில் அதே நொடி பதிவாகியிருக்கும். ஊரின் பெயர், தலைவரின் பெயர், தேதி மூன்றையும் தமிழில் அடித்து வீடியோவைத் தேடுங்கள். கைகோத்து நின்றார்கள் என்று சொல்லும் காட்சிக்கு உலகத்திலேயே ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால், அதைப் பகிராமல் நிறுத்திவைக்க அதுவே போதுமான காரணம்.

அனுப்பியவரிடம் கேட்பதும் சரிபார்ப்புதான். “அண்ணே, இந்தப் படம் எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டால், “நம்ம வார்டு குரூப்ல போட்டாங்க தம்பி” என்பார். வார்டு குரூப்பில் கேட்டால் இன்னொரு குரூப்பைக் கைகாட்டுவார்கள். எடுத்தவர் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போனால் படத்தின் மதிப்பு தெரிந்துவிடும்.

போலி என்று உறுதியானால் எங்கே சொல்வது? தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இதற்குப் பயன்படாது. அந்தச் செயலிக்குள்ளேயே அந்த இடத்தில் எடுத்த படத்தைத்தான் அது ஏற்கும், சேமித்து வைத்ததை ஏற்காது. போலிப் படங்கள் தங்கள் கவனத்துக்கு வந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும் என்று 2024 மே மாதம் கட்சிகளுக்கு ஆணையம் உத்தரவிட்டது. அது கட்சிகளின் சொந்தப் பக்கங்களுக்குப் பொருந்தும், குடும்பக் குழுவுக்குள் வந்து விழுந்த படத்தைத் தொடாது. அங்கே பதில் போடவேண்டியவர் நீங்கள்தான். போலியைத் தனியாக மறுபடி அனுப்பாதீர்கள், “இது பொய்” என்று மேலே எழுதினாலும் அடுத்தவர் அந்த வரியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பிவிடுவார். போலியின் குறுக்கே சிவப்பில் ‘போலி’ என்று பெரிதாக எழுதி, மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒரே படமாக்கி, மூலப்படம் இருக்கும் இணைப்பையும் சேர்த்து, முதலில் படம் வந்த அதே குழுவில் அந்தச் செய்திக்கே பதிலாகப் போடுங்கள்.