கைகால் குளிர்ச்சியும் உடலின் மைய வெப்பநிலையும்

முன்னுரை

காய்ச்சல் கண்டவரின் கையைத் தொட்டுப் பார்த்து, அது சில்லென்றிருந்தால் காய்ச்சல் தணிந்துவிட்டது எனக் கருதுவோர் உண்டு. அவ்வேளையில் உடலின் மைய வெப்பநிலை 39 பாகை செல்சியசை நோக்கி ஏறிக்கொண்டிருக்கவும் கூடும். கையின் குளிர்ச்சி எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டுவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குளிர்ச்சியின் காரணம்

மூளை, இதயம் முதலிய உள்ளுறுப்புகளின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகையில் நிலைநிறுத்தப்படுகிறது. தோலுக்கு அத்தகைய நிலையான அளவு இல்லை. விரல்களில் வெப்பத்தை உண்டாக்கும் தசை மிகக் குறைவு. பருமனை நோக்கப் பரப்பு மிகுதி. ஆகவே விரல்களின் வெப்பம் பெரும்பாலும் அங்கு வந்து சேரும் குருதியைப் பொறுத்ததாகிறது.

உள்ளங்கை, உள்ளங்கால், விரல்நுனி ஆகியவற்றின் தோலடியில், நுண்தமனிகளையும் சிரைகளையும் நேரே இணைக்கும் சிறு குழாய்கள் உள்ளன. இவை திறந்திருக்கும்போது வெதுவெதுப்பான குருதி மிகுதியாகப் பாய்கிறது. உடல் வெப்பத்தை இழக்கத் தொடங்கினால், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பரிவு நரம்புகள் வழியாக இவற்றைச் சுருக்குகிறது. விரல்கள் அறையின் வெப்பநிலையை நோக்கி இறங்குகின்றன. உள்ளிருக்கும் வெப்பம் காக்கப்படுகிறது. எனவே கை குளிர்வது பெரும்பாலும் வெப்பக் காப்பு செயற்படுவதன் அடையாளமே.

அளவீடும் பொருளும்

குளிரூட்டப்பட்ட அறையில் நெடுநேரம் அமர்ந்திருக்கும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவரது மைய வெப்பநிலை 36.9, முன்கைத் தோல் 31, விரல்நுனி 24 பாகை. முன்கைக்கும் விரல்நுனிக்கும் உள்ள வேறுபாடு 7 பாகை. இவ்வேறுபாடு 4 பாகையைத் தாண்டினால் குருதிக்குழாய்கள் நன்கு சுருங்கியுள்ளன என மயக்கவியலில் கொள்ளப்படுகிறது. அவர் விரைந்து நடந்து திரும்பியபின் முன்கை 32, விரல்நுனி 34 பாகை எனில், குழாய்கள் விரிந்துவிட்டன. இருநிலையிலும் மைய வெப்பநிலை அதிகம் மாறியிருக்காது. முன்கையும் விரலும் ஒரே காற்றுச்சூழலில் இருந்தால் மட்டுமே இவ்வொப்பீடு பொருந்தும். ஈரமான கையோ, அப்போதுதான் குளிர்ந்த பொருளைப் பிடித்த கையோ தவறான அளவைத் தரும்.

காய்ச்சலின் தொடக்கத்தில் ஹைப்போதலாமஸ் தன் இலக்கு வெப்பநிலையை உயர்த்துகிறது. 37 பாகையிலுள்ள உடலையே அது குளிர்ந்ததாகக் கணிப்பதால் கைகால் சில்லிடுகின்றன, நடுக்கமும் வருகிறது. காய்ச்சல் இறங்கும்போது இதற்கு மாறாகக் கைகள் சூடேறி வியர்க்கின்றன. ஆதலால் குளிர்ந்த கையைக் கொண்டு காய்ச்சல் இல்லை எனத் துணிதல் தவறு. வாயிலோ அக்குளிலோ வெப்பமானி வைத்தே அறிதல் வேண்டும்.

நோய்க்குறியாகும் நிலை

ஒரு கை மட்டும் குளிர்ந்திருத்தல், குளிர்பட்டவுடன் விரல்கள் வெளுத்துப் பின் நீலமாகிச் சிவத்தல் ஆகியவை குருதிக்குழாய்க் கோளாற்றைச் சுட்டலாம். பின்னது, 1862இல் மோரிஸ் ரேனோ விவரித்த நிலையாகும். குளிர்ந்த கையுடன் கடும் சோர்வும் இருந்து, நகத்தை அழுத்தி விட்டபின் நிறம் 3 வினாடிக்குள் திரும்பாவிடில், உடலின் குருதியோட்டமே குறைந்திருக்கலாம்; உடனடி மருத்துவம் தேவை.

முடிவுரை

விரல்நுனியின் வெப்பநிலை, அங்குப் பாயும் குருதிக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையிலான சமநிலையின் அளவு. மைய வெப்பநிலையை அதனைக் கொண்டு கணிக்க இயலாது. இரண்டையும் சேர்த்து நோக்கும்போதே உடல் வெப்பத்தைக் காக்கிறதா, வெளியேற்றுகிறதா என்பது புலனாகும்.