பாதியில் நிற்கும் திரைச்சீலை

தானியங்கித் திரைச்சீலையில் மோட்டார் துணியை நேரடியாக இழுப்பதில்லை. கூரையை ஒட்டிப் பொருத்திய அலுமினிய டிராக்குக்குள் பல் வைத்த பெல்ட் ஒன்று ஓடுகிறது. பெல்ட்டில் பிடித்திருக்கும் முதல் ரன்னர் நகரும்போது, துணி தொங்கும் மற்ற ரன்னர்களும் பின்தொடர்ந்து உருள்கின்றன. எங்கே உராய்வு கூடினாலும் அதன் சுமை கடைசியில் மோட்டாரின் மேல்தான் விழும்.

சுழலும் டி.சி. மோட்டார் தனக்குள்ளேயே எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்குகிறது. உள்ளே பாயும் மின்னோட்டத்தை அளவோடு வைத்திருப்பது இதுவே. சுமை ஏறி வேகம் குறைந்தால் எதிர் அழுத்தமும் குறையும், மின்னோட்டம் ஏறும். அப்படியே விட்டால் கம்பிச் சுருள் சூடாகிக் கருகிவிடும். அதற்குள் கட்டுப்பாட்டுப் பலகை மின்சாரத்தை நிறுத்துகிறது. ஆகவே திரை பாதியில் நின்றால் மோட்டார் பழுதாகிவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் அது தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு வீட்டு வரவேற்பறையில் 4 மீட்டர் நீள டிராக், இரண்டு துண்டுகளை இணைத்துப் போடப்பட்டது. திரை மூடும்போது மட்டும், ஒவ்வொரு முறையும் நடுப்பகுதியில் நின்றது. திறக்கும்போது அதே இடத்தில் ‘டக்’ என்று ஒலித்துக் கடந்தது. இடம் மாறாமல் நிற்பது டிராக்கின் கோளாறுக்கு அடையாளம். மின் இணைப்பில் குறை இருந்தால் நிற்கும் இடம் அப்படி ஒரே புள்ளியில் அமையாது.

பழுது பார்க்க வந்தவர் மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரைக் கழற்றி, திரையைக் கையால் இழுத்தார். அதே இடத்தில் தட்டியது. கழற்றிய மோட்டாரைத் தனியே ஓட்டியபோது அது சீராகச் சுழன்றது. இணைப்பில் விரலை ஓட்டியதும் காரணம் பிடிபட்டது. திருகு தளர்ந்து ஒரு துண்டு ஏறக்குறைய 1 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. மூடும் திசையில் ரன்னர் சக்கரம் அந்த விளிம்பில் மோதியது. திறக்கும் திசையில் படியிலிருந்து இறங்குவதுபோல் விழுந்து கடந்தது.

இரு துண்டுகளும் ஒரே மட்டத்துக்கு வரும்படி நிமிர்த்தித் திருகு இறுக்கப்பட்டது. கனமான துணி மீண்டும் டிராக்கைத் தொய்யச் செய்யாதிருக்க, இணைப்பின் அருகில் தாங்கி ஒன்று கூடுதலாக அடிக்கப்பட்டது. உட்புறத் தூசியை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே மெல்லியதாகத் தெளிக்கப்பட்டது. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக் குழம்பாகி, உராய்வு முன்னைவிடக் கூடும்.

கடைசி வேலை எல்லையை மறுபடி பதிவது. மோட்டார் தன் சுற்றுகளை எண்ணித்தான் திரையின் இரு முனைகளையும் அறிகிறது. தடைபட்ட இடத்தையே முனையாகப் பதிந்திருந்தால், டிராக் சரியான பிறகும் திரை அங்கேயே நிற்கும். பழைய பதிவை அழித்து, முழு நீளமும் ஒருமுறை ஓடவிட்டுப் புதிதாகப் பதிந்ததும் திரை தடையின்றி மூடியது.