மாலை ஏழு மணிக் கணக்கு

பத்தாயிரம் அடி என்ற இலக்கு மருத்துவர் எழுதித் தந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு பரவிய எண். அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500-ஐத் தாண்டியபின் கூடுதல் பலன் தெரியவில்லை.

ஆகவே முதல் வாரம் எதையும் மாற்றாமல், கைபேசி காட்டும் சராசரியை மட்டும் குறித்துக்கொள்வது நல்லது. அது 3,200 என்றால் அடுத்த வார இலக்கு 3,700. ஐந்து நாளாவது எட்டினால் மேலும் 500 கூட்டலாம். இல்லையென்றால் அதே எண்ணில் இன்னொரு வாரம். முழங்கால் வலித்தால் பழைய எண்ணுக்கே திரும்புவதில் வெட்கமில்லை.

கணக்குப் பார்க்க ஏற்ற நேரம் மாலை ஏழு மணி. படுக்கப் போகும்போது பார்த்தால் வருத்தப்பட மட்டுமே முடியும்! ஏழு மணிக்கு 2,800 என்று காட்டினால் குறைவது 900. சாதாரண வேகத்தில் ஏறக்குறைய பத்து நிமிட நடை. பால் வாங்கப் போய்வந்தாலே சரியாகிவிடும்.

ஆனால் கைபேசி, தன்னோடு வந்த அடிகளை மட்டுமே எண்ணும். மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் சமையலறை நடையெல்லாம் கணக்கில் வராது. சந்தேகம் வந்தால், சட்டைப்பையில் போட்டு நூறு அடி எண்ணி நடந்து, சில நிமிடம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கைபேசியை வேறு பையில் வைத்து மறுபடி சோதியுங்கள்.