கேட்டது ஆயிரம் பங்கு, கிடைத்தது ஐந்நூறு: மீதிப் பணம் எங்கே போகிறது?

2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. விலை 450 ரூபாய். சிறு முதலீட்டாளர்களுக்கு 20 ரூபாய் தள்ளுபடி. அவர்கள் விண்ணப்பிக்கும்போது பங்கு ஒன்றுக்கு 115 ரூபாய் மட்டும் கட்டிவிட்டு, மீதியை ஒதுக்கீட்டுக்குப் பிறகு கட்டலாம் என்ற வசதியும் இருந்தது. இருந்த பங்குகளைப் போல் 70 மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. கேட்டதில் சிறு பகுதியே கைக்கு வந்தவர்கள் ஏராளம். கூடுதலாகக் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதே அப்போது அவர்களின் கேள்வி.

இதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, பொது வெளியீட்டில் வரும் விண்ணப்பப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட பங்குகளுக்கு ஈடுகட்டலாம். இல்லையென்றால் கட்டியவருக்கே திருப்பித் தர வேண்டும். நிறுவனம் அதிலிருந்து சம்பளமோ வாடகையோ கொடுக்க முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது எப்படி நடக்கிறது என்று புரியும். ஒரு நிறுவனம் 10 ரூபாய் முகமதிப்புள்ள 1,00,000 பங்குகளை வெளியிடுகிறது. விண்ணப்பத்தோடு 3 ரூபாய், ஒதுக்கீட்டின்போது 4 ரூபாய், பிறகு நிறுவனம் கேட்கும்போது அழைப்புத் தொகையாக 3 ரூபாய் என்று மூன்று தவணை. வந்து சேர்ந்ததோ 2,60,000 பங்குகளுக்கான விண்ணப்பம். இதைத்தான் மிகை ஒப்பம் என்கிறார்கள்.

இயக்குநர்கள் விண்ணப்பங்களை நான்காகப் பிரிக்கிறார்கள். சிறு அளவில் கேட்டவர்களின் 40,000 பங்குகளை முழுமையாகக் கொடுக்கிறார்கள். அடுத்த பிரிவினர் 1,00,000 பங்குகள் கேட்டார்கள். அவர்களுக்கு 50,000, அதாவது இரண்டுக்கு ஒன்று. பெரிய அளவில் 80,000 பங்குகள் கேட்ட பிரிவுக்கு 10,000, அதாவது எட்டுக்கு ஒன்று. மிச்சமுள்ள 40,000 பங்குகளுக்கான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன. ஒரு பிரிவுக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பங்கு தருவதுதான் விகிதாச்சார ஒதுக்கீடு.

இரண்டாம் பிரிவில் ஒருவர் 1,000 பங்குகள் கேட்டு 3,000 ரூபாய் கட்டியிருக்கிறார். கிடைத்தது 500. அந்த 500 பங்குகளுக்கான விண்ணப்பத் தொகை 1,500 ரூபாய்தான். மீதி 1,500 ரூபாயை நிறுவனம் திருப்பி அனுப்புவதில்லை. ஏனென்றால் அவர் அடுத்து ஒதுக்கீட்டுத் தொகையாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும். கையில் இருக்கும் 1,500 அதில் கழிகிறது. அவர் இனி அனுப்ப வேண்டியது 500 ரூபாய் மட்டுமே.

மூன்றாம் பிரிவில் 8,000 பங்குகள் கேட்டவர் 24,000 ரூபாய் கட்டினார், கிடைத்தது 1,000. விண்ணப்பத் தொகைக்கு 3,000, ஒதுக்கீட்டுத் தொகைக்கு 4,000 போனபின் 17,000 ரூபாய் மிஞ்சுகிறது. இது அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம். நிறுவனத்தின் சங்க நடைமுறை விதிகளும் வெளியீட்டு நிபந்தனைகளும் இடம் கொடுத்தால் மட்டுமே, வரப்போகும் அழைப்புக்கான 3,000 ரூபாயை முன்பணமாக நிறுத்திக்கொண்டு 14,000 ரூபாயைத் திருப்பலாம். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் கட்டிய பணம் முழுவதும் திரும்பும்.

முன்பணம் எதையும் நிறுத்திவைக்கவில்லை என்றால், நிறுவனத்தின் பக்கமிருந்து கூட்டினாலும் இதே கணக்கு சரியாக வரும். வந்த விண்ணப்பப் பணம் 7,80,000 ரூபாய். அதில் ஒதுக்கிய பங்குகளின் விண்ணப்பத் தொகை 3,00,000 மூலதனத்துக்குப் போகிறது. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளின் 1,90,000 ஒதுக்கீட்டுத் தொகையில் சரிக்கட்டப்படுகிறது. திருப்பித் தந்தது 2,90,000. மூன்றையும் கூட்டினால் அதே 7,80,000. விண்ணப்பக் கணக்கில் ஒரு ரூபாய்கூட மிச்சமிருக்கக் கூடாது. இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

தவறு அதிகம் நடக்கும் இடம், பணம் கட்டாமல் விட்டவரின் பாக்கி. மேலே சொன்ன, 500 பங்குகள் கிடைத்தவர் ஒதுக்கீட்டுத் தொகையைக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் பாக்கி எவ்வளவு? 500 பங்குகள், தலா 4 ரூபாய், ஆக 2,000 என்று எழுதிவிடுகிறவர்கள் பலர். அவர் 1,000 பங்குகளுக்குக் கட்டினார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே 1,500 ரூபாய் நிறுவனத்திடம் இருப்பதால் உண்மையான பாக்கி 500தான். எனவே கணக்கை எப்போதும் கிடைத்த பங்கிலிருந்து தொடங்காமல், கேட்ட பங்கிலிருந்து தொடங்க வேண்டும். கேட்ட எண்ணிக்கை தெரியாவிட்டால், கிடைத்ததை அந்தப் பிரிவின் விகிதத்தால் பெருக்கினால் போதும்.

பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. மொத்த ஒதுக்கீட்டுத் தொகை 4,00,000, சரிக்கட்டியது 1,90,000, பணமாக வர வேண்டியது 2,10,000. அவர் ஒருவர் மட்டும் கட்டவில்லை என்றால் வங்கியில் 2,09,500 வந்திருக்கும். குறைவது 500. பேரேட்டில் 2,000 பாக்கி என்று எழுதியிருந்தால் வங்கிக் கணக்கே அதைப் பொய்யாக்கிவிடும்.

அறிவிப்பு கொடுத்த பிறகும் அவர் கட்டாமல், பங்குகளை நிறுவனம் பறிமுதல் செய்தால், இதே தவறு பெரிதாகும். அவர் இழப்பது உண்மையில் கட்டிய 3,000 ரூபாய் முழுவதையும். 500 பங்குகளுக்கான 1,500 மட்டுமே பறிபோனதாக எழுதினால், சரிக்கட்டிய மற்ற 1,500 ரூபாய் கணக்கிலிருந்து காணாமல் போகும்.

இன்று பொது வெளியீட்டில் சிறு முதலீட்டாளர் இந்தக் காட்சியை அதிகம் பார்ப்பதில்லை. 2016 ஜனவரி முதல், விண்ணப்பப் பணம் நிறுவனத்துக்குப் போகாமல் வங்கிக் கணக்கிலேயே முடக்கிவைக்கும் அஸ்பா முறை கட்டாயமானது. பெரும்பாலும் முழு விலையும் விண்ணப்பத்தின்போதே முடக்கப்படுகிறது. கேட்பவர்கள் மிக அதிகமானால் சிறு முதலீட்டாளர்களுக்குக் குறைந்தபட்சத் தொகுப்பு ஒன்று குலுக்கலில் கிடைக்கும். கிடைக்காதவரின் பணம் விடுவிக்கப்படும்.

ஆனால் தவணை முறை ஒழிந்துவிடவில்லை. 2020இல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் உரிமைப் பங்கு வெளியிட்டபோது, 1,257 ரூபாய் விலையில் 314.25 மட்டும் விண்ணப்பத்தோடு வாங்கியது. அதற்கும் தேவைக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. இப்படிப்பட்ட வெளியீட்டில் கலந்துகொள்பவர் மூன்று எண்களைக் குறித்துவைக்க வேண்டும்: எத்தனை பங்கு கேட்டார், எத்தனை கிடைத்தது, விண்ணப்பத்தோடு பங்குக்கு எவ்வளவு கட்டினார். கேட்டதிலிருந்து கிடைத்ததைக் கழித்து, விண்ணப்பத் தொகையால் பெருக்கினால் வருவது அவருடைய கூடுதல் பணம். அது அடுத்த தவணையில் கழிந்திருக்க வேண்டும், அல்லது வங்கிக் கணக்குக்குத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், வெளியீட்டின் பதிவாளருக்கு விண்ணப்ப எண்ணோடு எழுதிக் கேட்கலாம். அங்கும் பதில் வராவிட்டால் செபியின் புகார்த் தளம் இருக்கிறது.