பாதத்தின் கணக்கு இடுப்பில் இருக்கிறது

வீடியோ கேம்களில் கூட்டமாக ஆட்கள் நடந்துவரும் காட்சியை உற்றுப் பார்த்தால், நெட்டையானவரும் குட்டையானவரும் ஒரே மாதிரி கை வீசி, ஒரே மாதிரி தோள் சாய்த்து நடப்பது தெரியும். பெரும்பாலும் அவர்கள் எல்லோருக்கும் ஒரே அனிமேஷன் கிளிப்தான். ஒரு நடிகரின் நடையை மோஷன் கேப்சரில் பதிவுசெய்து, அதையே பல கேரக்டர்களுக்குக் கொடுக்கிறார்கள். இதற்கு ரிடார்கெட்டிங் என்று பெயர். இதில் முதலில் கெட்டுப்போவது பாதம்தான். தரைக்கு மேலே மிதக்கும், தரைக்குள் புதையும், ஊன்றிய இடத்தில் நிற்காமல் வழுக்கும்.

காரணம், கிளிப்புக்குள் பாதம் எங்கே இருக்கிறது என்ற தகவலே இல்லாததுதான். அதில் இருப்பவை இரண்டு: ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு எலும்பும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோணம், இடுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற அளவு. இடுப்பிலிருந்து தொடை, தொடையிலிருந்து கெண்டைக்கால் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினால், கடைசியில் பாதம் எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் அதன் இடம். எலும்பின் நீளம் மாறினால் அந்த இடமும் மாறிவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நடித்தவரின் தொடை 45 செ.மீ., கெண்டைக்கால் 45 செ.மீ.; இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரை மொத்தம் 90. அந்த நடையைப் பெறப்போவது ஒரு சிறுமி கேரக்டர். அவளுக்குத் தொடையும் கெண்டைக்காலும் தலா 27, மொத்தம் 54. அதாவது பெரியவரின் காலில் 0.6 பங்கு. கிளிப்பை அப்படியே போட்டால் அவளுடைய இடுப்பு பெரியவரின் இடுப்பு உயரத்துக்குப் போய்விடும். கால் நேராக நிற்கும் கணத்தில் பாதம் தரையிலிருந்து சுமார் 36 செ.மீ. மேலே தொங்கும்.

இடுப்பின் உயரத்தை 0.6-ஆல் பெருக்குவது முதல் வேலை. இடுப்பு முன்னே நகரும் தூரத்தையும் அதே எண்ணால் பெருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரியவர் இடது, வலது என்று இரண்டு எட்டு வைத்தால் 140 செ.மீ. போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கோணங்களில் சிறுமியின் கால் எட்டுவது 84 செ.மீ. உடலை மட்டும் 140 நகர்த்தினால், மீதி 56 செ.மீ. பாதம் தரையில் இழுபட்டுத்தான் போயாக வேண்டும்.

கணுக்கால் உயரத்தை இந்தப் பெருக்கலில் சேர்க்கக்கூடாது. பெரியவருக்குத் தரையிலிருந்து கணுக்கால் 8 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, சிறுமி தடித்த பூட்ஸ் போட்டிருப்பதால் அவளுக்கு 7. எல்லாவற்றையும் 0.6-ஆல் பெருக்கினால் அவளுடைய கணுக்கால் 4.8 செ.மீ. உயரத்துக்கு இறங்கி, பூட்ஸின் அடி 2.2 செ.மீ. தரைக்குள் போய்விடும். காலை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மட்டும் அளந்து சுருக்கி, பாதத்தின் உயரத்தைத் தனியே கூட்டுவதே சரி.

இத்தனையும் செய்தால் சாதாரண நடை ஏறக்குறைய ஒழுங்காகிவிடும். ஆனால் எல்லாக் கேரக்டர்களின் காலும் ஒரே விகிதத்தில் இருக்காது. மூன்றாவதாக ஒருவன்: தொடை 30, கெண்டைக்கால் 24. மொத்தம் அதே 54தான். நடக்கும்போது வரும் பிழை அரை சென்டிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. அவனைக் குந்த வைத்துப் பாருங்கள். தொடை ஏறக்குறையப் படுக்கையாகிவிடுவதால் உயரத்தைத் தாங்குவது கெண்டைக்கால்தான். அது குட்டையாக இருப்பதால் பாதம் சுமார் 2 செ.மீ. மேலே நிற்கும். நடையை மட்டும் பார்த்துச் சரி என்று முடிவு செய்தவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். புதுக் கேரக்டரை நான் சோதிப்பதாக இருந்தால், நடைக்கு முன் குந்தும் கிளிப்பைத்தான் ஓடவிடுவேன்.

இந்தப் பிழை பெருக்கலால் தீராது. கோணத்தை விட்டுவிட்டு, பாதம் இருக்க வேண்டிய இடத்தை முதலில் தீர்மானித்து, முழங்காலை அதற்கேற்ப மடக்க வேண்டும். இந்த முறையைச் சுருக்கமாக ஐ.கே. என்பார்கள். இடுப்பும் கணுக்காலும் எங்கே என்று தெரிந்தால், தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றின் நீளத்தைக் கொண்டு முக்கோணக் கணக்கில் முழங்கால் கோணம் கிடைத்துவிடும். யூனிட்டியில் `Foot IK` என்ற தேர்வும், அன்ரியல் எஞ்சினில் `IK Retargeter` என்ற கருவியும் இதற்காகவே இருக்கின்றன. அசைவைப் புது உடலுக்கு மாற்றும்போது பாதம் ஊன்றும் இடம் போன்றவற்றை மாறக்கூடாத நிபந்தனைகளாக வைக்க வேண்டும் என்பதை மைக்கேல் க்ளைச்சர் 1998-இல் சிக்ராஃப் மாநாட்டுக் கட்டுரையில் தெளிவாக எடுத்துவைத்தார்.

பாதம் எந்த ஃபிரேமிலிருந்து எந்த ஃபிரேம் வரை ஊன்றியிருக்கிறது என்பதை மூலக் கிளிப்பிலேயே கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும். பாதம் தரைக்கு அருகில் இருந்து, அதன் வேகமும் ஏறக்குறையப் பூஜ்யமாக இருந்தால் ஊன்றியிருக்கிறது என்று பொருள். அந்த நேரம் முழுவதும் பாதத்தை ஒரே இடத்தில் பூட்டி, தூக்கும்போது நான்கைந்து ஃபிரேம்களில் மெல்ல விடுவிக்க வேண்டும். எட்டு வைத்து முடியும் கட்டத்தில் குதிகால் எழும்பிவிட்டாலும் பாதத்தின் முன்பகுதி தரையில்தான் இருக்கும். அப்போதும் கணுக்காலைப் பூட்டி வைத்தால் நடை விறைத்துப்போகும். பூட்ட வேண்டியது முன்பாதத்தை.

ஐ.கே. போட்டவுடன் புதிதாக ஒரு கோளாறு தலைகாட்டும்: முழங்கால் வெடுக்கென்று துள்ளும். சிறுமியின் 54 செ.மீ. கால் முழுக்க நேராக இருக்கும்போது, இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடையே 1 செ.மீ. குறைந்தாலே முழங்கால் சுமார் 22 டிகிரி மடங்கிவிடும். ஏற்கெனவே நன்றாக மடங்கிய காலில் அதே 1 செ.மீ. தருவது 4 டிகிரி மாற்றம்தான். நேரான காலில் சின்னப் பிழையும் பெரிய துள்ளலாகத் தெரிவது இதனால்தான். கால் எட்டாத இடத்துக்குப் பாதத்தை இழுத்தாலும் இதே கதிதான், அல்லது பாதம் மறுபடி மிதக்கும். இதற்கு மருந்து பாதத்தில் இல்லை. இரண்டு கால்களும் முழு நீளத்தில் 98 சதவீதத்தைத் தாண்டாதபடி இடுப்பைச் சற்று இறக்க வேண்டும். அந்த இறக்கத்தையும் பல ஃபிரேம்களில் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் உடல் குலுங்கும்.

பிழையைக் கண்டுபிடிக்கக் கேமராவைத் தரை மட்டத்தில், பக்கவாட்டில் வையுங்கள். பாதமும் அதன் நிழலும் பிரிந்து தெரிந்தால் மிதக்கிறது. தரையில் கட்டம் போட்டுவிட்டால் ஊன்றிய கால் கோட்டைத் தாண்டுவது உடனே தெரியும்.

வேகத்தின் கதை வேறு. பெரியவர் நொடிக்கு 1.4 மீட்டர் நடந்தால், அதே கிளிப்பில் சிறுமி போவது 0.84 மீட்டர். இருவரும் சேர்ந்து போக வேண்டுமென்றால் அவளுடைய கிளிப்பை 1.67 மடங்கு வேகமாக ஓட்ட வேண்டும். பாதம் வழுக்காது, ஆனால் அவள் விறுவிறுவென்று தத்துவது போலிருக்கும். என் கணிப்பில், அந்த இடத்தில் மெல்ல ஓடும் கிளிப்பைத் தனியே செய்வதுதான் நேர்மையான தீர்வு.

பெருக்கலுக்குக் கட்டுப்படாத இன்னொன்று உலகம். நடிகர் 17 செ.மீ. உயரப் படியில் ஏறிய கிளிப்பைச் சுருக்கினால், சிறுமியின் பாதம் 10.2 செ.மீ. உயரத்துக்கான படியைத் தேடும். படி சுருங்கவில்லை. அதனால் படிக்கட்டு, நாற்காலி, மேசை சம்பந்தப்பட்ட அசைவுகளில் பாதத்தின் இடத்தைக் கிளிப்பிலிருந்து எடுக்காமல், அந்தப் பொருளிலிருந்து எடுக்க வேண்டும்.

பகிர்வு எதுவரை தாங்கும் என்று கேட்டால், நிற்பது, பேசுவது, கை அசைப்பது போன்றவற்றை எந்தக் கால் நீளத்துக்கும் தாராளமாகப் பகிரலாம். நடையையும் ஓட்டத்தையும், கால் மூலத்தில் பாதிக்கும் கீழே போனால், புதிதாகச் செய்துவிடுங்கள். இடைப்பட்ட எல்லாவற்றுக்கும் இடுப்பை முதலில் சரிசெய்து, பாதத்தைப் பிறகு தொடுங்கள்.