சிம்மை வெட்டினால் ஏன் கெடுகிறது?

கைப்பேசியில் போடும் சிம் அட்டை இன்று மூன்று அளவுகளில் புழங்குகிறது. பழைய பட்டன் போன்களில் இருக்கும் பெரிய சிம் 25 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. ஸ்டாண்டர்டு சிம் என்று சொல்வது இதைத்தான். மைக்ரோ சிம் 15-க்கு 12 மில்லிமீட்டர்; 2010-இல் வந்த ஐபோன் 4 இதைப் பரவலாக்கியது. நானோ சிம் 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர்; 2012-இல் ஐபோன் 5-உடன் சந்தைக்கு வந்தது. இப்போது சிம் போடும் ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

அளவு மாறினாலும் வேலை செய்யும் பகுதி மாறவில்லை. தங்க நிறத் தகட்டின் அடியில் ஒரு சிறு சிப் ஒட்டப்பட்டிருக்கிறது. முடியைவிட மெல்லிய கம்பிகள் சிப்பைத் தகட்டின் கட்டங்களோடு இணைக்கின்றன. அவற்றின் மேல் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். மின்சாரம், கடிகாரத் துடிப்பு, தகவல் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் உண்டு. போனுக்குள் இருக்கும் ஸ்பிரிங் பின்கள் அந்தந்தக் கட்டத்தில் சரியாக அமர்ந்தால்தான் சிம் பேசும். ஆகவே சிம்மைச் சிறிதாக்குவது என்றால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் குறைப்பதுதான்.

பெரிய சிம்மை மைக்ரோவாக வெட்டும்போது கத்தி பெரும்பாலும் பிளாஸ்டிக்கில்தான் போகும். இரண்டின் தடிமனும் 0.76 மில்லிமீட்டர் என்பதால் ஸ்டேப்ளர் போன்ற கட்டரால் கடைக்காரர் வெட்டிக் கொடுத்தது பலருக்கு வேலை செய்தது. அந்த அனுபவத்தை நம்பி நானோவுக்கும் வெட்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

பழைய சிம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தகட்டில் எட்டுக் கட்டங்கள், பக்கத்துக்கு நான்காக இருக்கின்றன. மேல் கட்டத்தின் விளிம்பிலிருந்து கீழ்க் கட்டத்தின் விளிம்பு வரை 9 மில்லிமீட்டருக்கும் மேல் வரும். நானோவின் அகலமோ 8.8 மில்லிமீட்டர்தான். கத்தி தகட்டையே அறுத்தாக வேண்டும். கீழே உள்ள இரண்டு கட்டங்கள் பெரும்பாலும் பயன்படாதவை என்பதால் அவை போனால் பரவாயில்லை. ஆனால் வெட்டுக்கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பின்கள் கட்டத்தின் ஓரத்தில் உட்காரும், அல்லது பக்கத்துக் கட்டத்தைத் தொடும். வெட்டும் அழுத்தத்தில் தகடு வளைந்து உள்ளே கம்பி அறுந்துபோவதும் உண்டு; அது வெளியே தெரியாது. அறுபட்ட உலோக விளிம்பு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தால் உலோக ட்ரேயில் உரசி ஷார்ட் ஆகலாம்.

இவ்வளவையும் தாண்டினாலும் தடிமன் விடாது. நானோவின் தடிமன் 0.67 மில்லிமீட்டர், அதிகபட்சம் 0.70 வரை அனுமதி. வெட்டிய சிம் 0.76 இருக்கும். அதை ட்ரேயில் திணித்தால் பின்கள் அளவுக்கு மீறி அழுந்தும், ட்ரே உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிலர் பின்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்கிறார்கள். சிப்புக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக்தான் இருக்கிறது. தேய்க்கும் விரலின் அழுத்தத்திலேயே சிப் விரிசல் விடலாம்.

இப்போது கடையில் தரும் சிம்களை மூன்று அளவிலும் பிய்க்க முடிவது எப்படி? மைக்ரோவுக்குக் குறைந்தபட்சத் தடிமன் 0.68, நானோவுக்கு அதிகபட்சம் 0.70. இந்த நூலிழை இடைவெளிக்குள் அட்டையைத் தயாரித்தால் அது எல்லா ஸ்லாட்டிலும் பொருந்தும். கத்தியால் எட்ட முடியாத துல்லியம் இது.

அடாப்டரின் ஆபத்து வேறு விதம். நானோ சிம்மைப் பெரிய ஸ்லாட்டில் போட உதவும் பிளாஸ்டிக் சட்டம் அது. சிம் அதில் இறுகப் பொருந்தாமல் சற்று நகர்ந்தாலே தொடர்பு விட்டுவிட்டு வரும். சிம் இல்லாத வெறும் அடாப்டரை உள்ளே தள்ளிவிட்டு வெளியே இழுப்பது இன்னும் மோசம். பின்கள் அதன் ஓட்டைக்குள் எழும்பி நிற்கும். இழுக்கும்போது சட்டத்தின் விளிம்பு அவற்றைக் கொக்கிபோல் பிடித்து வளைத்துவிடும். வெட்டிய சிம் போனால் புது சிம் வாங்கலாம். பின் வளைந்தால் போனையே பிரித்து ஸ்லாட்டை மாற்ற வேண்டும்.

திரையில் "No SIM" என்று வந்தால், முதலில் அந்த சிம்மை வேறொரு போனிலும், வேறு நல்ல சிம்மை இந்தப் போனிலும் போட்டுப் பார்க்க வேண்டும். சிம் எங்கும் வேலை செய்யாவிட்டால் சிப்போ கம்பியோ போய்விட்டது. நல்ல சிம்மும் இந்தப் போனில் தெரியாவிட்டால் கோளாறு ஸ்லாட்டில். லேசாக அழுத்தும்போது மட்டும் சிக்னல் வந்தால் கட்டமும் பின்னும் சரியாகச் சேரவில்லை.

பழைய பெரிய சிம் வைத்திருப்பவர்கள் அடையாள ஆவணத்தோடு நிறுவனத்தின் கடைக்குப் போய், அதே எண்ணில் மாற்று சிம் கேட்டு வாங்குவதே சரி. சிம்மிலேயே சேமித்த பெயர்களும் எண்களும் புது சிம்முக்குத் தானாக வராது. அவற்றை முதலில் போனுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் தடுக்கப்படும் என்பதால், வங்கி ஓடிபி தேவைப்படும் நாளில் மாற்றாதீர்கள்.